முதல் பக்கம் எப்போது வரும்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பிரிண்டர் வாங்க நினைப்பவர்கள் கடையிலோ இணையத்திலோ பார்க்கும் விவரத்தாளில் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பது, இதைப் பி.பி.எம். என்று சொல்வார்கள். இரண்டாவது, டியூட்டி சைக்கிள். மூன்றாவது, முதல் பக்கம் வெளிவர ஆகும் நேரம். பெரும்பாலானோர் முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள் இரண்டாவதையும் பார்க்கிறார்கள். ஆனால் நம் ஊர் அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் நாள்தோறும் நடக்கும் வேலைக்கு மூன்றாவது எண்தான் மிகவும் பொருந்துகிறது என்பது, பல ஆண்டுகளாகப் பிரிண்டர்களைப் பழுதுபார்த்தும், வாங்குவோருக்கு ஆலோசனை சொல்லியும் வரும் என் உறுதியான எண்ணம். ஆகவே அதற்குத்தான் இன்று கூடுதல் நேரம் ஒதுக்கப் போகிறேன்.

முதலில் பி.பி.எம். என்ற எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி அளந்து எழுதிக்கொண்டது. இதை ஒழுங்குபடுத்த 2009-இல் ஐ.எஸ்.ஓ. 24734 என்ற தரநிலை வந்தது. வேர்டு, எக்செல், பி.டி.எஃப். ஆகிய மூன்று வகைக் கோப்புகளை வழக்கமான தரத்தில் அச்சிட்டு, வேகத்தை அளந்து, சராசரி எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இங்க்ஜெட் வாங்குவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 33 பக்கம் என்று இருக்கும். கீழே சிறிய எழுத்தில் டிராஃப்ட் முறையில் என்று இருக்கும். டிராஃப்ட் என்றால் மையைக் குறைத்து வெளிறலாக அடிப்பது. அதே பிரிண்டரின் ஐ.எஸ்.ஓ. வேகத்தைத் தேடிப் பார்த்தால் கறுப்பில் ஏறத்தாழ 10, வண்ணத்தில் 5 என்று இருக்கும். விண்ணப்பத்தையோ சான்றிதழையோ யாரும் வெளிறலாக அடித்துக் கொடுப்பதில்லை என்பதால், நமக்கு உரிய எண் அந்தப் பத்துதான்.

இந்த ஐ.எஸ்.ஓ. அளவீட்டில் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. விளம்பரத்தில் வரும் அந்த வேகத்தைக் கணக்கிடும்போது, முதலில் வெளிவரும் தொகுப்புக்கு ஆன நேரத்தைச் சேர்ப்பதில்லை. அதாவது, பிரிண்டர் விழித்து, சூடாகி, தாளை இழுத்து, ஓட்டம் பிடித்த பிறகு எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதுதான் பி.பி.எம். நீங்கள் நூறு பக்க அறிக்கையை அடிப்பவராக இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தும். ஒரு பக்கத்தை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுபவராக இருந்தால், அந்த ஓட்டம் உங்கள் பிரிண்டருக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு பக்கம்தான் அடிப்பார்கள். பல ஆண்டுகளாக அவர்களிடம் இருந்தது கேனன் எல்.பி.பி. 2900 என்ற சிறிய லேசர் பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் இதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு 12 பக்கம்தான். கூட்டம் கூடுகிறதே என்று உரிமையாளர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நிமிடத்துக்கு 40 பக்கம் அடிக்கும் புதிய பிரிண்டரை வாங்கினார். மூன்று மடங்குக்கும் மேலான வேகம். ஆனாலும் கணினியில் உட்காரும் பெண், “அண்ணா, பழசே சீக்கிரம் கொடுத்துச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழகிய பொருளை விட மனமில்லாமல் சொல்கிறார் என்று உரிமையாளர் நினைத்தார். அந்தப் பெண் சொன்னதோ முற்றிலும் சரி.

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதம் வேண்டாம், மனக்கணக்கே போதும். பழைய பிரிண்டரின் விவரத்தாளில் முதல் பக்கத்துக்கு 9.3 விநாடி என்று இருக்கிறது. புதியதில் 8 விநாடி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்படியானால் புதியதுதானே முந்த வேண்டும்? ஆனால் அந்த 8 விநாடிக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது: ‘ரெடி’ நிலையிலிருந்து. அதற்கு அடுத்த வரியில், ‘ஸ்லீப்’ நிலையிலிருந்து 20 விநாடி என்று இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, வேலை இல்லாமல் ஒரு நிமிடம் இருந்தால் தானாக உறங்கிவிடும்படி அந்தப் பிரிண்டரைத் தொழிற்சாலையிலேயே அமைத்திருந்தார்கள். மையத்திலோ ஒருவரின் விவரங்களைத் தட்டச்சு செய்து, செல்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்டு வாங்கி, கட்டணம் செலுத்தி, பி.டி.எஃப். இறக்குவதற்குள் ஐந்து பத்து நிமிடம் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் பிரிண்டர் உறக்கத்திலிருந்துதான் எழுந்து வந்தது.

ஒரு பக்கம் அடிக்கப் பழையதற்கு 9.3 விநாடி, புதியதற்கு 20 விநாடி. இரண்டு பக்கம் என்றால், 12 பக்க வேகத்தில் அடுத்த பக்கத்துக்கு 5 விநாடி கூடும், பழையதற்கு 14.3 விநாடி ஆகும். 40 பக்க வேகத்தில் ஒன்றரை விநாடி கூடும், புதியதற்கு 21.5 விநாடி ஆகும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால், நான்காவது பக்கத்தில்தான் இரண்டும் ஏறத்தாழ 24 விநாடியில் சமமாகின்றன. ஐந்தாவது பக்கத்திலிருந்துதான் புதியது முந்தத் தொடங்குகிறது. அந்த மையத்தில் ஐந்து பக்கம் கேட்டு வருபவர் அரிது. அதனால் அவர் பணம் கொடுத்து வாங்கிய வேகம், அவருடைய வேலையில் பயன்படுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

உறக்கத்திலிருந்து எழ ஏன் இவ்வளவு நேரம் என்றால், லேசர் பிரிண்டரில் டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க ஃபியூசர் என்ற பகுதி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டியிருக்கிறது. தடித்த உருளைக்குள் ஹாலஜன் விளக்கை வைத்துச் சூடாக்கும் வகையில் உருளை முழுவதும் சூடாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மெல்லிய படலத்துக்குள் பீங்கான் சூடேற்றியை வைத்திருக்கும் வகையில் சில விநாடிகளே போதும். அந்தப் பழைய கேனன் இவ்வகையைச் சேர்ந்தது. இதனுடன், உறக்கத்தில் பிரிண்டரின் மின்பலகையும் பெரும்பகுதி அணைந்திருக்கும் என்பதால் அது எழுந்து கணினியோடு பேசவும் சில விநாடிகள் ஆகும்.

அந்த மையத்துக்கு நாங்கள் செய்து கொடுத்தது ஒரே ஒரு மாற்றம்தான். பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தில் உறங்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து 15 நிமிடமாக மாற்றினோம். அதன் பிறகு பகல் முழுவதும் ஒரு பக்கம் 8 விநாடியில் வந்தது. அதற்கு ஆகும் கூடுதல் மின்சாரம் மிகவும் சொற்பம். ஆகவே விவரத்தாளைப் பார்க்கும்போது, முதல் பக்க நேரம் எந்த நிலையிலிருந்து என்று கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ரெடி நிலையிலிருந்தா, உறக்கத்திலிருந்தா என்று கேளுங்கள். ஒரே ஒரு எண்தான் போட்டிருக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் ரெடி நிலைக்குரியதாகத்தான் இருக்கும். கடையிலேயே சோதிக்கவும் முடியும்: பிரிண்டரை அரை மணி நேரம் சும்மா விட்டுவைத்து, பிறகு ஒரு பக்கத்தை அனுப்பி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

அடுத்தது டியூட்டி சைக்கிள். இதைப் பிரிண்டரின் ஆயுட்காலம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள், அப்படி அல்ல. ஒரு மாதத்தில் அதிகபட்சமாக எத்தனை பக்கம் வரை அந்தப் பிரிண்டரைக் கொண்டுபோகலாம் என்று அதைச் செய்த நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு அது. பி.பி.எம். போல இதற்கு ஐ.எஸ்.ஓ. அளவீடு கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் வரையறைப்படி தருகிறது. எனவே இரண்டு நிறுவனங்களின் டியூட்டி சைக்கிளை அருகருகே வைத்து இது பெரிது, அது சிறிது என்று தீர்மானிக்க முடியாது.

ஒரு உதாரணம். எச்.பி. லேசர்ஜெட் ப்ரோ எம்404டிஎன் என்ற பிரிண்டருக்கு டியூட்டி சைக்கிள் மாதம் 80,000 பக்கம். மாதத்தில் 25 வேலை நாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு 3,200 பக்கம். அதன் வேகம் ஏ4 தாளில் நிமிடத்துக்கு 38 பக்கம் என்பதால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதன் முதன்மைத் தாள் தட்டில் 250 தாள்தான் கொள்ளும். தாளின் ஒரு புறம் மட்டும் அடித்தால் ஒரு நாளில் பதின்மூன்று முறை அதை நிரப்ப வேண்டும். 3,000 பக்கம் தரும் டோனர் என்றால் நாளுக்கு ஒன்று தீரும். யாரும் அப்படி ஓட்டுவதற்காக அந்தப் பிரிண்டர் செய்யப்படவில்லை. அதே விவரத்தாளில் சற்றுக் கீழே, பரிந்துரைக்கப்படும் மாத அளவு 750 முதல் 4,000 பக்கம் என்று இருக்கிறது. உச்சவரம்பில் இருபதில் ஒரு பங்கு! வாங்கும்போது நம் தேவையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மாதம் எத்தனை பக்கம் அடிக்கிறோம் என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். இப்போது உள்ள பிரிண்டரில் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டால், இதுவரை அடித்த மொத்தப் பக்கம் அதில் வரும். முதல் தேதியில் ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று எடுத்துக் கழித்தால் போதும். பள்ளி அலுவலகம் என்றால் தேர்வு மாதத்தில் எடுங்கள், மே மாதத்தில் எடுக்காதீர்கள். பரிந்துரைத்த அளவை மாதக்கணக்கில் மீறி ஓட்டினால் அதன் அறிகுறிகள் கண்ணில் படும். தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகி, ஒரே நேரத்தில் இரண்டு தாள் போகும், அல்லது ஒன்றும் போகாது. ஃபியூசர் தேய்ந்தால், அச்சான எழுத்தை விரலால் தேய்க்கும்போது கறுப்பு கையோடு வரும்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். இருபக்க அச்சைப் பற்றியும் தாள் அளவைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்ல முடியும். இருபக்கமும் அடிக்கும்போது தாள் ஒருமுறை உள்ளே திரும்பி வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். அதற்குத் தனி எண் விவரத்தாளில் இருக்கும். லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் ஏ4-ஐ விட நீளம் குறைந்தது என்பதால், 40 என்று விளம்பரப்படுத்தும் வேகம் ஏ4-இல் 38 ஆகலாம். ஏ5 போன்ற குறுகிய தாளைத் தொடர்ந்து அடிக்கும்போது, தாள் படாத ஓரங்களில் ஃபியூசர் அதிகம் சூடாவதால் பல சிறிய லேசர் பிரிண்டர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரைத்தாளில் மருந்துச் சீட்டோ ரசீதோ அடிப்பவர்கள், வாங்குவதற்கு முன் அந்தத் தாளிலேயே ஐம்பது பிரதி தொடர்ந்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.