பதினைந்து ஆண்டு தள்ளி இருக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கு மாதம் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது. பதினைந்து ஆண்டு கழித்து அது பொறியியல் கல்லூரியில் சேரும். அந்தச் செலவுக்கு இன்றிலிருந்து மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? இந்த ஒரே கேள்விக்கு இன்று விடை காண்போம். கையில் பேனாவும் தாளும் இருந்தால் நல்லது. கைப்பேசியில் இருக்கும் கணக்குப்பொறியே இதற்குப் போதும்.

முதலில் இன்றைய செலவு. கல்லூரி விளம்பரத்தில் போடுகிற கல்விக் கட்டணத்தை மட்டும் எடுக்காதீர்கள். விடுதி, சாப்பாடு, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு பெற்றோர் ஓராண்டில் உண்மையாகக் கட்டுகிற தொகைதான் நமக்கு வேண்டும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கல்லூரியில் இப்போது படிக்கிற ஒரு பிள்ளையின் வீட்டில் கேட்டால் சரியான எண் கிடைக்கும். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த பிள்ளையா, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு தொகையும் ஒன்றல்ல. நம் கணக்குக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 6 லட்சம்.

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். 6 லட்சத்தைப் பதினைந்து ஆண்டின் 180 மாதங்களால் வகுத்து, மாதம் 3,333 ரூபாய் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். வட்டி வேறு வருமே, அது உபரி என்று ஒரு நினைப்பு. அது உபரியா என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

அடுத்து, கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும்? இதற்கு எளிய வழி, அதே கல்லூரியில் முன்பு படித்தவர்களைக் கேட்பது. கட்டணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பானது என்று தெரிந்தால், 72-ஐ அந்த எண்ணால் வகுங்கள். ஒன்பது ஆண்டில் இரட்டிப்பானால் 8 சதவீதம், பன்னிரண்டு ஆண்டானால் 6 சதவீதம். நாம் 8 என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது 1,50,000-ஐ 1.08-ஆல் பெருக்குங்கள். வந்த விடையை மறுபடி 1.08-ஆல் பெருக்குங்கள். இப்படிப் பதினைந்து முறை. முடிவில் ஏறத்தாழ 4,76,000 ரூபாய் வரும். இது முதலாண்டுக் கட்டணம் மட்டும். இன்னும் மூன்று முறை பெருக்கினால் நான்காம் ஆண்டில் 6 லட்சத்தைத் தொடுகிறது. இன்று நான்கு ஆண்டுக்கு ஆகிற செலவு, அன்றைக்கு ஒரே ஆண்டுக்கு ஆகும்.

நான்கு ஆண்டையும் கூட்டினால் 21 லட்சத்து 44 ஆயிரம். ஆனால் சேர்க்கை நாளன்று முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டியதில்லை. முதலாண்டுப் பணத்தைக் கட்டியபின் மீதி வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். அந்த மீதிக்கு 7 சதவீத வட்டி என்று கொண்டால், சேர்க்கை நாளில் 19 லட்சத்து 30 ஆயிரம் இருந்தால் போதும். இதுவே நம் இலக்கு. (சில கல்லூரிகள் சேர்ந்த பிள்ளைக்கு நான்கு ஆண்டும் கல்விக் கட்டணத்தை ஏற்றுவதில்லை. அங்கே தேவை இன்னும் கொஞ்சம் குறையும்.)

இனி சேமிப்பு. அஞ்சலகத்திலும் வங்கியிலும் இருக்கிற பி.பி.எஃப். கணக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது; 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக்கினார்கள். அந்த வட்டியே நீடித்தால், மாதம் 1,000 ரூபாய் போடுகிறவருக்குப் பதினைந்து ஆண்டில் ஏறத்தாழ 3,15,600 ரூபாய் சேரும். இலக்கை இந்தத் தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும்: மாதம் ஏறத்தாழ 6,120 ரூபாய். ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பணம் கணக்கில் ஏறிவிட வேண்டும். ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆறாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.

அந்த 3,333 ரூபாய்க்காரருக்கு என்ன ஆகும்? வட்டியோடு பத்தரை லட்சம் சேரும். முதலாண்டையும் இரண்டாமாண்டையும் கட்டிவிடுவார். மூன்றாமாண்டு தொடங்கும்போது கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருக்கும். கட்ட வேண்டியதோ ஐந்தரை லட்சம். உபரி என்று நினைத்த வட்டியைக் கட்டண உயர்வு தின்றுவிட்டது. கட்டணம் முழுத் தொகைக்கும் பதினைந்து ஆண்டும் ஏறுகிறது; வட்டியோ ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் அதைப் போட்ட பிறகுதான் வருகிறது. போதாததற்கு 7.1-ஐவிட 8 பெரியது.

6,120 இப்போது கனமாக இருக்கிறதா? சம்பளம் ஏற ஏற ஆண்டுதோறும் 5 சதவீதம் கூட்டிப் போடலாம். அப்படியானால் முதலாண்டில் மாதம் 4,525 ரூபாயில் தொடங்கலாம். கடைசி ஆண்டில் அது ஏறத்தாழ 8,960 ஆகும். ஓராண்டு கூட்ட மறந்தால் அந்தக் குறை கடைசிவரை தொடரும். அதனால் கூட்டுகிற மாதத்தை இப்போதே முடிவு செய்து, வங்கியில் கொடுத்திருக்கும் நிலையான உத்தரவை அந்த மாதத்தில் மாற்றுங்கள்.

பரஸ்பர நிதி முகவர்கள் 12 சதவீதம் என்று வைத்து, மாதம் 3,825 போதும் என்று காட்டுவார்கள். கூட்டல் சரிதான். ஆனால் அந்த 12-க்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அந்த வழியில் போகிறவர்கள் கல்லூரிக்கு மூன்று ஆண்டு இருக்கும்போதே பணத்தைப் படிப்படியாக வைப்புநிதிக்கு மாற்றத் தொடங்க வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய ஆண்டில் சந்தை விழுந்தால் மீள நேரம் இருக்காது.

பணம் சேர்ந்தும் கைக்கு வராத சிக்கல் ஒன்று உண்டு. 2026 ஜூனில் பி.பி.எஃப். தொடங்கினால், பதினைந்து ஆண்டு என்பது அந்த நிதியாண்டு முடிந்த பிறகே எண்ணப்படும். முதிர்ச்சி 2042 மார்ச் கடைசியில். பிள்ளை கல்லூரி சேர்வது 2041-இல். முதலாண்டுக் கட்டணத்தைப் பகுதித் தொகையாகத்தான் எடுக்க வேண்டும். நான்காண்டுக்கு முந்தைய இருப்பு, சென்ற ஆண்டு இருப்பு, இரண்டில் எது குறைவோ அதில் பாதி வரை தருவார்கள். நம் கணக்கில் அது முதலாண்டுக்குப் போதும். செல்வமகள் திட்டத்தில் வட்டி கூடுதல்தான், ஆனால் படிப்புக்கு எடுக்க முடிவது பாதி மட்டுமே. மூன்று வயதில் தொடங்கினால் மறு பாதி இருபத்து நான்காம் வயதில், படிப்பு முடிந்த பிறகு வரும்.

கடைசியாக, 8 என்ற ஊகம் தவறினால்? கட்டணம் 6 சதவீதம் ஏறினால் மாதம் 4,500 போதும். 10 சதவீதமானால் 8,300 வேண்டும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி கணக்குப் போட வேண்டும். நம் கணக்குப்படி ஐந்தாண்டு முடிவில் கையில் 4 லட்சத்து 39 ஆயிரம் இருக்கும், ஓராண்டுக் கட்டணம் 2 லட்சத்து 20 ஆயிரமாக இருக்கும். விசாரித்தால் கட்டணம் 2 லட்சத்து 40 ஆயிரம் என்கிறார்கள் என்று வைப்போம். இலக்கு 21 லட்சமாகிறது. கையில் இருப்பது அடுத்த பத்தாண்டில் 8 லட்சத்து 72 ஆயிரமாக வளரும். மிச்சம் 12 லட்சத்து 30 ஆயிரம். மாதம் 1,000 பத்தாண்டில் 1,73,000 ஆகும் என்பதால், இனி மாதம் 7,110 போட வேண்டும். அதாவது ஆயிரம் ரூபாய் கூடுதல். வணக்கம்.