ஒன்றரை அடி கடுகு ஜாடி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பிப்பவர்களிடம் ஆண்டுதோறும் விசித்திரமான கட்டுரைக் கேள்விகள் கேட்பார்கள். அங்கே படிக்கிறவர்களும் படித்துப் போனவர்களும் எழுதி அனுப்பும் கேள்விகள் அவை. எனக்கு மிகப் பிடித்தது கடுகுக் கேள்வி. காஸ்ட்கோ மாதிரி மொத்தமாக விற்கும் பெரிய கடைகளில் ஒன்றரை அடி உயரக் கடுகு ஜாடி விற்கிறார்களே, அதை யார்தான் வாங்குவார்கள்? அந்த ராட்சதக் கடுகு உங்களுக்குள் எதைக் கிளப்புகிறதோ அதை எழுதுங்கள் என்றார்கள். நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகு இல்லை, ரொட்டியில் தடவுகிற மஞ்சள் விழுது.

இப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வெகுநாள் வேலை. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட ஒரு பெண் நுகர்வு மோகம், வீணாகும் உணவு, உலகப் பசி என்று எழுதி வந்தாள். தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கடுகை எடுத்துவிட்டு ஷாம்பு பாட்டிலை வைத்தாலும் ஒரு வரிகூட மாறாது. மறுபடி சொல்கிறேன், பொருளை மாற்றினாலும் கட்டுரை நிற்கிறது என்றால், எழுதியவர் அந்தப் பொருளைப் பார்க்கவே இல்லை.

"ஜாடியைப் பார்த்தாயாம்மா?" என்றேன். இல்லையாம். அவள் மாமாவின் சிற்றுண்டிக் கடையில் ஒன்று இருந்தது, போய்ப் பார்த்தாள். வாய் விளிம்பில் விழுது காய்ந்து பழுப்பேறியிருந்தது. மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றது. உள்சுவரில் கரண்டி எட்டும் ஆழம்வரை சுரண்டிய கோடுகள், அதற்குக் கீழே தடித்த மஞ்சள். கையோ ஜாடிக்குள் நுழையாது.

சரி, அப்படியானால் அடிக்கடுகு குப்பைக்குத்தான் போகும் என்று முடிவு கட்டினாள். கால்வாசி வீணானால், பெரிய ஜாடியில் கிடைக்கும் விலைக்குறைவு என்ன ஆகும்? ஜாடி விலையை முழு எடைக்கு வகுக்காமல், தின்ற எடைக்கு வகுத்தாள். சின்ன பாட்டிலே லாபம் என்று வந்தது. அழகான கணக்கு! மாமாவிடம் காட்டினாள். அவர் சிரித்தார். ராத்திரி கடை சாத்தும்போது ஜாடியைத் தலைகீழாக நிறுத்திவிடுவார்களாம், காலையில் எல்லாம் வாய்ப்பக்கம் இறங்கியிருக்குமாம்.

கணக்கு போச்சு. ஆனால் அதை அவள் அடிக்கவில்லை. கணக்கையும் அது கவிழ்ந்ததையும் அப்படியே எழுதினாள். கவனியுங்கள், சுரண்டிய கோட்டில் தொடங்கி, ஊகத்துக்குப் போய், ஊகம் உடைந்து, அடுத்த கேள்விக்கு வருகிறாள். விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குக் கடுகில் அக்கறை இல்லை, யோசனை போகும் இந்த நடையைத்தான் தேடுகிறார். "நான் ஆர்வமுள்ளவள்" என்ற வாக்கியம் அந்தக் கட்டுரையில் எங்கேயும் கிடையாது.

அடடா, நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். முடிவுப் பத்தி பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும். அவள் உபதேசம் எதுவும் வைக்கவில்லை. மூடி தட்டையாக இருப்பது தலைகீழாக நிறுத்தத்தானா, இல்லை கடையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கத்தானா என்று கேட்டு நிறுத்திவிட்டாள். வணக்கம்.