கோளத் தொட்டிக்குள் கசியும் வெப்பம்

வணக்கம். திரவ நைட்ரஜன் நிரம்பிய ஒரு கோளத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே கழித்தல் 196 டிகிரி செல்சியஸ், வெளியே 27 டிகிரி. உள் ஆரம் 1 மீட்டர். அதைச் சுற்றி 20 சென்டிமீட்டர் நுரைக் காப்பு. உலோகச் சுவர் மெல்லியது, வெப்பத்தை எளிதாகக் கடத்துவது. அதனால் அதன் தடையைக் கணக்கில் விட்டுவிடலாம்.

வெளிக்காற்றிலிருந்து திரவத்துக்குப் போகும் வெப்பம் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, காற்றுக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலான வெப்பச் சலனம். அடுத்தது காப்பின் வழியே கடத்தல். கடைசியாக, உள்சுவருக்கும் திரவத்துக்கும் இடையிலான சலனம். நிலைமை மாறாமல் இருந்தால், ஒவ்வொரு நொடியும் மூன்றின் வழியாகவும் ஒரே அளவு வெப்பம்தான் போகும். எனவே மூன்று தடைகளையும் மின்சுற்றில் தொடராக இணைப்பதுபோல் கூட்டிவிடலாம்.

R = 1/(4π·r₁²·h₁) + (1/r₁ − 1/r₂)/(4πk) + 1/(4π·r₂²·h₂)

இதில் r₁ உள் ஆரம், r₂ காப்பின் வெளி ஆரம், k காப்பின் வெப்பக் கடத்துதிறன், h₁, h₂ உள்ளேயும் வெளியேயும் சலனத்தின் வெப்பப் பரிமாற்றக் கெழுக்கள். நடுவில் இருக்கும் கடத்தல் தடையில் r₂ − r₁ வரவில்லை, தலைகீழ் ஆரங்களின் வித்தியாசம் வருகிறது. கோளத்தில் வெளியே போகப் போகப் பரப்பு r²-ஆகப் பெருகுகிறது. வெப்பம் அந்தப் பெரிய பரப்பில் பரவிப் பாய்வதால், வெளி அடுக்குகள் உள் அடுக்குகளைவிடக் குறைவாகவே தடுக்கின்றன.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். நுரையின் k = 0.025 W/m·K, வெளியே h = 8 W/m²·K, உள்ளே 150 என்று வைக்கிறேன். உள்சலனத் தடை 0.0005, காப்பின் தடை 0.5305, வெளிச்சலனத் தடை 0.0069 K/W என்று வருகிறது. கூட்டினால் ஏறத்தாழ 0.538. வெப்பநிலை வித்தியாசம் 223 கெல்வினை அதால் வகுத்தால் சுமார் 415 வாட். ஒரு கிலோ நைட்ரஜன் ஆவியாக 199 கிலோஜூல் வேண்டும். ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 கிலோ ஆவியாகிறது. தொட்டி கொள்வதே சுமார் 3,400 கிலோதான். தினமும் ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது.

இரண்டு சலனங்களும் சேர்ந்து மொத்தத் தடையில் 1.4 சதவீதம்தான். உள்ளே h 150-ஆ, 300-ஆ என்று தெரியாவிட்டாலும் ஆவியாகும் அளவு கிட்டத்தட்ட மாறாது. அதைத் துல்லியமாகத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

காப்பை இரட்டிப்பாக்கினால்? தட்டையான சுவராக இருந்தால் கசிவு பாதியாகும். இங்கே 40 சென்டிமீட்டர் போட்டாலும் 244 வாட் நுழைகிறது. 1 மீட்டர் போட்டால் 140. எல்லையே இல்லாமல் தடித்தால்கூடத் தடை 1/(4πk·r₁) என்ற அளவைத் தாண்டாது. அப்போதும் 70 வாட் உள்ளே வரும், தினமும் சுமார் 0.9 சதவீதம் ஆவியாகும். அந்த நுரையை வைத்துக்கொண்டு இதற்குக் கீழே இறங்க முடியாது.

அதனால்தான் k-ஐக் குறைக்கிறார்கள். இரட்டைச் சுவர்களுக்கு நடுவே பெர்லைட் என்னும் காப்புத் தூளைக் கொட்டி, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். k 0.0015 என்று வைத்தால், அதே 20 சென்டிமீட்டரில் 25 வாட்தான். ஆவியாவது நாளுக்கு 0.3 சதவீதம். இது காப்பின் வழி மட்டும். தாங்கு கால்களும் குழாய்களும் தனிப்பாதையாக வெப்பம் கடத்தும், அதைத் தனியே கூட்ட வேண்டும்.

வெளிச்சலனம் கசிவில் சிறிய பங்குதான் என்றேன், ஆனால் பழுது கண்டுபிடிக்க அதுதான் உதவுகிறது. வெளிப்பரப்பு காற்றைவிட எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது, அங்கே ஒரு சதுர மீட்டரில் நுழையும் வெப்பத்தை h-ஆல் வகுத்த அளவு. வெற்றிடம் முழுதும் போய், பெர்லைட்டின் k 0.035 ஆனால் கசிவு 577 வாட்டாகிறது. இருபது மடங்குக்கு மேல்! ஆனாலும் மேற்பரப்பு 4 டிகிரிதான் குளிர்கிறது. ஈரமான நாளில் வியர்க்கும், ஆனால் பனி உறையாது. பூஜ்ஜியத்துக்கு இறங்க அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 216 வாட் நுழைய வேண்டும். வெற்றிடம் முழுதும் போனாலும் வருவது சராசரியாக 32 வாட்தான். ஆகவே ஒரு திட்டில் மட்டும் பனி படிந்தால், அந்த இடத்தில் காப்பே இல்லாமல் போயிருக்கிறதா, உலோகம் எதுவும் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் ஒன்று: பெர்லைட் காலப்போக்கில் கீழே அமர்ந்து, மேலே வெற்றுக் குழி விடும். கென்னடி விண்வெளி மையத்தின் 39B ஏவுதளத்தில் இருந்த திரவ ஹைட்ரஜன் கோளத்தில் பெர்லைட் இல்லாத ஒரு குழி இருந்தது. ஆவியாகும் அளவு அதிகமாக இருந்ததும், வெளிச்சுவரில் ஒரு குளிர்ந்த திட்டு தெரிந்ததும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.