பத்துப் பயணத்தில் எட்டு: ஒரே தரவு, இரண்டு இடைவெளிகள்

[திரையில்: உப்புவெளிக் கடற்கரை, வரிசையாக நிற்கும் போட்டுகள்]

திருகோணமலையில் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற ஒரு போட்காரரிடம் "அண்ணை, போனால் காணலாமா?" என்று கேட்கிறீர்கள், அவர் "கடைசிப் பத்துப் பயணத்தில எட்டில கண்டோம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் போட்ட எண்கள்தான் இவை. ஒரு பயணத்தில் திமிங்கிலம் தென்படுகிற உண்மையான வாய்ப்பை p என்போம். பத்துக்கு எட்டு என்பதை மட்டும் வைத்து p எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

95% நம்பிக்கை இடைவெளிக்கான பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் 55% முதல் 105% வரை வரும். 105% வாய்ப்பு! பத்தே பத்துத் தரவுக்கு அந்தச் சூத்திரம் ஒத்துவராது, விடுங்கள். 1934இல் கிளாப்பரும் பியர்சனும் தந்த முறையை எடுப்போம். R என்கிற புள்ளியியல் மென்பொருளில் இரண்டு வரிதான், முதல் வரி அவர்களுடையது, இரண்டாவது பேய்ஸ் முறை.

```
binom.test(8, 10)$conf.int
qbeta(c(0.025, 0.975), 9, 3)
```

[திரையில்: 44.4% – 97.5%, அதன் கீழே 48.2% – 94.0%]

முதல் விடை எப்படி வந்தது? p ஐ மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே போங்கள். 44.4%க்கு வரும்போது, பத்தில் எட்டோ அதற்கு மேலோ கிடைக்கிற நிகழ்தகவு வெறும் 2.5% ஆகிவிடும், அதற்குக் கீழான p எல்லாம் நம் தரவோடு பொருந்தவில்லை என்று தள்ளிவிடுகிறோம். அதேபோல மேலே 97.5%இல், எட்டோ அதற்குக் குறைவோ கிடைப்பதற்கு 2.5%தான் இருக்கிறது. இடையில் மிஞ்சுவதுதான் நம்பிக்கை இடைவெளி. கவனித்தீர்களா, இதில் எங்கேயும் p க்கு நிகழ்தகவு கொடுக்கவே இல்லை, தரவுக்குத்தான் கொடுத்தோம். அதனால் "p இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று இதைப் படிக்க முடியாது. அந்த 95% முறைக்கு உரியது: இதே மாதிரிப் பத்துப் பத்தாகத் திரும்பத் திரும்ப எடுத்தால், குறைந்தது 95% தடவை இடைவெளி p ஐப் பிடிக்கும்.

பேய்ஸ் முறையில் p க்கே நிகழ்தகவு உண்டு. போட்காரரைக் கேட்பதற்கு முன் p எந்த எண்ணாகவும் சமமாக இருக்கலாம் என்று தொடங்கினால், 8 வெற்றி, 2 தோல்விக்குப் பிறகு p இன் பரம்பல் பீட்டா(9, 3) ஆகிறது, அதன் நடு 95%தான் கிரெடிபிள் இடைவெளி. இங்கே "p இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் தொடக்க எண்ணத்தை ஏற்றுக்கொண்டால் மட்டும். "பாதிக்குப் பாதிதான் தம்பி காணும்" என்று ஓரளவு உறுதியாக நம்புகிற ஒருவர் பீட்டா(5, 5) இல் தொடங்கினால், அதே எட்டுக்குப் பிறகு அவருக்கு 43% முதல் 84% வரை வரும். தரவு மாறவில்லை, மேல் எல்லை பத்துப் புள்ளி இறங்கிவிட்டது.

சரி, இரண்டையும் சோதிப்போம். உண்மையான p 70% என்று நமக்கு மட்டும் தெரியும் என்று வைத்து, பத்துப் பயணத்தைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கலாம். முதல் முறை, மூன்றோ அதற்குக் குறைவோ கிடைக்கும்போது மட்டும்தான் தவறும், ஆகவே 98.9% தடவை பிடிக்கிறது. பெயருக்குத்தான் 95, எண்ணிக்கைகள் முழு எண்களாகத் தாவுவதால் தேவைக்கு மேல் அகலமாகிவிடுகிறது. பேய்ஸ் இடைவெளியோ, சமமான தொடக்கத்தில், நான்கோ குறைவோ கிடைத்தாலும் தவறும், பத்துக்குப் பத்து கிடைத்தாலும் தவறும், கணக்கு 92.4%க்கு வருகிறது. ஏமாற்றமா? இல்லை. p ஐயே ஒவ்வொரு தடவையும் 0 முதல் 1 வரை சமமாகக் குலுக்கி எடுத்தால் அது சரியாக 95%க்கு வரும், அந்த முறை அதற்குத்தான் உத்தரவாதம் தந்தது, 70%க்கு என்று தனியாகத் தரவில்லை. என் கணக்கில், போட்டில் ஏறுவதா என்று இன்றைக்கு முடிவெடுக்கிறவருக்கு இரண்டாவதுதான் உதவும். ஊரிலுள்ள எல்லாப் போட்காரர்களின் கணக்கையும் ஒரே விதியால் சரிபார்க்க வேண்டியவருக்கு முதலாவது.

இரண்டுக்குமே பொதுவான ஓட்டை ஒன்று இருக்கிறது. திமிங்கிலங்கள் ஒரே பக்கமாக நாலைந்து நாள் சுற்றினால், இன்று கண்டவர் நாளைக்கும் காண்பார், பத்துப் பயணம் பத்துத் தனித்தனித் தகவல் ஆகாது. அப்போது இரண்டு இடைவெளியும் உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வரும், எந்த முறையும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. கண்டது, காணாதது என்று நாள்வரிசையில் எழுதித் தரச்சொல்லுங்கள். எட்டும் ஒரே தொடராக வந்து, காணாத இரண்டும் கடைசியில் சேர்ந்து கிடந்தால், இரண்டு எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.