மொட்டையான முகடுகள்

வணக்கம் நேயர்களே.

கைபேசியில் குரல் செய்தி அனுப்பினால், திரையில் சிறு கோடுகள் ஏறியும் இறங்கியும் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அதையே அகலமாகவும் நுணுக்கமாகவும் பார்க்கிறோம். அதற்கு அலைவடிவம் என்று பெயர். ஆடாசிட்டி என்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பதால், பள்ளி மாணவர்கள்கூட இன்று அந்த நீல நிறப் படத்தை அறிவார்கள். பதிவில் ஏதோ கோளாறு என்றால், ஒலியை அனுப்பாமல் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புகிறவர்கள் பலர். அந்த ஒற்றைப் படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. நட்டநடுவில் ஒரு கோடு. அது பூஜ்யம், அதாவது அமைதி. ஒலி பெருகப் பெருக, அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் அலை விரிகிறது. மேல் எல்லையில் 1 என்றும், கீழ் எல்லையில் கழித்தல் 1 என்றும் எழுதியிருக்கும். பாதி உயரமான 0.5 என்பது உச்சியிலிருந்து ஏறக்குறைய 6 டெசிபல் கீழே. இந்த 0.5 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பத்து நிமிடப் பதிவை முழுதாகக் காட்டும் படத்தைப் பார்த்து, "ஐயோ, எல்லாம் நிரம்பி வழிகிறதே" என்று பதற வேண்டாம். சாதாரணப் பதிவில் ஒரு நொடிக்கு 44,100 அளவீடுகள் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு இரண்டரைக் கோடிக்கும் மேல். திரையிலோ அகலவாக்கில் ஆயிரம் புள்ளிகள்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு புள்ளியும் 0.6 நொடிக்குப் பொறுப்பு. அந்த 0.6 நொடிக்குள் மிக உயர்ந்த அளவையும் மிகத் தாழ்ந்த அளவையும் எடுத்து, இடையில் ஒரு கோடு இழுத்துவிடுகிறது மென்பொருள். ஒரே ஒரு கைதட்டல் உச்சியைத் தொட்டிருந்தாலும் அந்தக் கோடு முழு உயரத்துக்கு நிற்கும். ஆகவே தூரத்தில் நின்று பார்க்கும் படம், எவ்வளவு உயரம் என்று சொல்லும். உச்சி கூராக இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா என்று சொல்லாது. அதை அறியப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இதை மறுபடியும் சொல்வேன், ஏனென்றால் பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

மொட்டை என்றேன். கருவி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஒன்று உண்டு. பதினாறு பிட் பதிவில் அது 32,767. ஒலி அதற்கு மேல் போனாலும் கருவி அதே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும். பெரிதாக்கிப் பார்த்தால், அலை வளைந்து ஏறி, உச்சியில் சமதளமாக ஓடி, பிறகு இறங்கும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். காதுக்கு அது கரகரப்பாக, குரல் கிழிந்தாற்போல் கேட்கும். எட்டாத அந்த உயரத்தில் என்ன இருந்தது என்ற தகவல் கோப்பில் இல்லை. ஒலியளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைத்தால் மொட்டை சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். மொட்டை மொட்டையாகவே இருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. கோயில் திருவிழாவில் நாகசுரக் கச்சேரியைப் பதிவுசெய்த ஒரு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தம் பதிவுக் கருவியில் செருகியிருந்தார். "ஐயா, என் கருவியில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஆலாபனை முழுவதும் பாதி அளவைத் தாண்டவேயில்லை. ஆனாலும் நாகசுரம் கரகரக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

படத்தைப் பார்த்தேன். ஆலாபனைப் பகுதியில் முகடுகள் எல்லாம் 0.5க்கு அருகில், வேலிச் செடியைக் கத்தரித்து விட்டாற்போல் ஒரே மட்டத்தில் நின்றன. மனிதன் ஊதும் எந்த வாத்தியமும் நிமிடக்கணக்கில் இப்படி ஒரே உயரத்தில் நிற்காது. பெரிதாக்கி இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. ஒவ்வொரு முகடும் மொட்டை. உச்சி எல்லை 1 அங்கே மேலே காலியாகக் கிடக்க, பாதி உயரத்தில் மொட்டை! இதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: ஒலி அவருடைய கருவிக்குள் நுழையும் முன்பே, வேறோர் இடத்தில் முட்டி மொட்டையாகி, பிறகு அளவு குறைக்கப்பட்டு வந்திருக்கிறது. அவர் கருவியில் பழுதில்லை. மொட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உயரம்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சரி, மிக்சரில் எங்கே? மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் தனி வழி உண்டு; எல்லாம் கலந்து வெளியேறும் பொது வழியும் உண்டு. இந்த இரண்டில் எது முட்டியது? இதையும் படமே சொன்னது. பல்லவியில் தவில் சேர்ந்ததும், முகடுகள் அந்த 0.5 மட்டத்தைத் தாண்டி 0.7 வரை ஏறின. பொது வழி முட்டியிருந்தால், எத்தனை வாத்தியம் சேர்ந்தாலும் அதே மட்டத்தில்தான் நின்றிருக்கும். மொட்டையான நாகசுரத்தின் மேல் தவிலின் அடி தனியே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றால், முட்டியது நாகசுரத்தின் தனி வழி. தவில் மட்டும் வாசித்த தனி ஆவர்த்தனத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தொப்பியில் விழும் கழியின் அடியும், வலந்தலையில் விழும் கூடு போட்ட விரல்களின் அடியும் கூரான, முழுமையான முனைகளோடு இருந்தன. அந்த வழி சுத்தம்.

இன்னொரு சான்றும் கிடைத்தது. ஆலாபனையின் நடுவே மிக்சர்காரர் நாகசுரத்தின் ஃபேடரை, அதாவது அந்த வழியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை, கொஞ்சம் இறக்கியிருக்கிறார். அந்த இடத்தில் மொட்டை மட்டமும் 0.4க்கு இறங்கியது, ஆனால் மொட்டை நீங்கவில்லை. அப்படியானால் ஃபேடருக்கும் முன்னால், மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழில்தான் கோளாறு. நாகசுரத்துக்கு இரண்டு முழம் தள்ளி மைக் வைத்தாலே போதும், அத்தனை வீச்சு அதற்கு. பேச்சுக்கு வைத்த கெயினை அப்படியே விட்டிருக்கிறார்கள். மறுநாள் மாலை அந்தக் குமிழை மட்டும் குறைக்கச் சொன்னோம். அன்றைய பதிவில் முகடுகள் ஒழுங்கற்று, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்றன. அந்த ஒழுங்கின்மையைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

முதல் நாள் பதிவைக் காப்பாற்ற முடிந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. மொட்டையான இடத்தை ஊகித்து வளைவு போட்டுத் தரும் வசதி மென்பொருளில் உண்டு. மூன்று நான்கு அளவீடுகள் மட்டும் தட்டையாக இருந்தால் அது ஓரளவு நன்றாகவே ஊகிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு அலையும் தட்டையாக இருக்கும்போது அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். பதிவான பின், மென்பொருளுக்குள் நீங்களே ஒலியைக் கூட்டியதால் அலை எல்லையைத் தாண்டியிருந்தால் பயமில்லை. ஆடாசிட்டி வழக்கமாக 32 பிட் மிதவை எண்களில் வேலை செய்வதால், எல்லைக்கு மேல் உள்ளதும் அதனிடம் பத்திரமாக இருக்கும். 6 டெசிபல் குறைத்துப் பாருங்கள். உச்சிகள் மறுபடி வளைவாகத் தெரிந்தால் பிழைத்தது. தட்டையாகவே இறங்கினால் போனதுதான்.

இப்போது அமைதி. படத்தில் அலை ஒடுங்கிக் கோடாகும் இடங்கள். அறையின் அமைதிக்கு ஒரு மெல்லிய தடிமன் உண்டு; மின்விசிறி, தெருச் சத்தம், மைக்கின் இரைச்சல் எல்லாம் அதில் இருக்கும். பெரிதாக்கினால் கோடு நெளியும். அப்படி நெளியாமல், முற்றிலும் பூஜ்யமாக ஒரு கோடு ஓடினால், அங்கே மைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. யாரோ வெட்டியிருக்கலாம், கம்பி அசைந்திருக்கலாம், இரைச்சல் நீக்கும் கருவி கதவை அடைத்திருக்கலாம்.

தமிழ் பேசுகிறவர்களின் அலைவடிவத்தில் அமைதி சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. "பட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஒலி இல்லை. படத்தில் அது ஒரு பள்ளம். நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல். பக்கம், அப்பா, பாட்டு எல்லாம் இப்படித்தான். வெற்றிடங்களைத் தானாகச் சுருக்கும் வசதியை மிகக் குறுகிய நேர அளவில் வைத்து ஓட்டினால், அது இந்தப் பள்ளங்களையும் தின்றுவிடும். பட்டம் ஏறக்குறையப் படம் ஆகிவிடும். அதேபோல வந்தது, போனது என்று முடியும் சொற்களில் கடைசி உகரம் மிகத் தாழ்ந்து ஒலிக்கும். இரைச்சல் நீக்கும் கதவை இறுக்கமாக வைத்தால், அந்த உகரம் வெட்டுப்பட்டு வாக்கியம் திடீரென்று அறுந்து நிற்கும். படத்தில் எப்படித் தெரியும்? சரிந்து மெலிய வேண்டிய வால், கத்தியால் நறுக்கியதுபோல் செங்குத்தாகப் பூஜ்யத்தில் விழும்.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். அமெரிக்க அதிபர் நிக்சனின் ஒலிநாடாவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 ஜூன் 20ஆம் தேதி உரையாடல் பதிவில் பதினெட்டரை நிமிடம் பேச்சு இல்லை, வெறும் ரீங்காரம். நீதிமன்றம் வழியாக அமைந்த நிபுணர் குழு, அந்த ரீங்காரத்தின் அலைவடிவத்தையும், அழிக்கும் முனை நாடாவில் விட்டுச்சென்ற காந்தத் தடங்களையும் ஆராய்ந்தது. குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்று 1974இல் அறிக்கை தந்தது. அழித்த பேச்சை அவர்களாலும் மீட்க முடியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிவில் சந்தேகம் வந்து யாரிடமாவது படம் அனுப்பினால், இரண்டாக அனுப்புங்கள். ஒன்று முழுப் பதிவு. மற்றொன்று, கரகரக்கும் இடத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கு திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கியது. இடப்பக்க எண்கள் இரண்டிலும் தெரியட்டும்; அவற்றை வெட்டிவிட்டால் மொட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த ஒலியிலிருந்து படம் எடுக்காதீர்கள். சுருக்கி அனுப்பும்போது தட்டையான உச்சிகள் மேடுபள்ளமாகித் தடயம் மறைந்துவிடும். கருவியில் பதிவான முதல் கோப்பிலிருந்தே எடுங்கள். நன்றி, வணக்கம்.