நுழைவுத் தேர்வுக்கு விடுப்புக் கடிதம்: விட்டுப்போகும் அந்த முந்தைய இரவு

கேள்வி: "அக்கா, 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதுநிலை நர்சிங் நுழைவுத் தேர்வு. மையம் வெளியூரில். ரோஸ்டரில் 11-லிருந்து 14 வரை எனக்கு நைட் போட்டிருக்கிறார்கள். லீவுக்கும் டூட்டி மாற்றத்துக்கும் கடிதம் எப்படி எழுதுவது?"

முதலில் அந்த நைட் டூட்டி எந்தத் தேதிக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இரவுப் பணி எந்த நாளில் தொடங்குகிறதோ அந்த நாளின் கட்டத்தில்தான் அது எழுதப்படும். 13-ஆம் தேதிக் கட்டத்தில் உள்ள நைட், சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் முடியும். ஆகவே, கடிதத்தில் "14-ஆம் தேதி விடுப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதினால், உங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு இரவுப் பணியிலிருந்து விடுப்பு. தேர்வு மையத்துக்குள் நுழைய வேண்டிய நேரத்தில் நீங்கள் வார்டில் நின்று ஹேண்ட் ஓவர் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் வார்டு இன்சார்ஜாக இருந்த காலத்தில் இதே போன்ற கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒரே ஒரு தேதிதான் அதில் இருந்தது. நானும் அந்தத் தேதியை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். அந்தப் பெண் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடினாள்; மையத்தின் கதவை அதற்குள் சாத்திவிட்டார்கள். முந்தைய இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியது என் கடமை. அன்றிலிருந்து விடுப்புக் கடிதம் எது வந்தாலும் முந்தைய நாள் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் விஷயத்தில் பணி மாற்றத்தை முன்னால் வைத்து, விடுப்பைப் பின்னால் கேளுங்கள். நைட் டூட்டியில் ஆட்கள் குறைவு என்பதால், நான்கு இரவுகளுக்கும் விடுப்புக் கேட்டால் எந்த இன்சார்ஜுக்கும் கை நடுங்கும். அதே நான்கு இரவுகளை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார் என்றால், இன்சார்ஜ் கையெழுத்துப் போட யோசிக்க மாட்டார். உங்கள் வார்டிலேயே 18 முதல் 21 வரை நைட் உள்ள, 11 முதல் 14 வரை காலைப் பணி உள்ள ஒரு தோழி கிடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாற்றிக்கொண்டால், சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நீங்கள் பணி முடித்துப் பயணம் புறப்படலாம். அதன்பின் உங்களுக்குத் தேவைப்படும் விடுப்பு 14-ஆம் தேதி காலைப் பணிக்கான ஒரே ஒரு நாள்தான்.

பெரும்பாலான மாற்றங்கள் குழம்புவது நைட் ஆஃபில். 14-ஆம் தேதி இரவு முடிந்த பிறகு 15, 16 ஆகிய இரு நாட்களும் உங்களுக்கு ஆஃப் என்று பட்டியலில் இருக்கும். இரவுகளை மட்டும் மாற்றிவிட்டு ஆஃபை மாற்ற மறந்தால், உங்களுக்காக இரவு பார்த்த தோழி 15-ஆம் தேதி காலை வீட்டுக்குப் போகாமல் மறுபடியும் டூட்டிக்கு நிற்க வேண்டிவரும். எனவே 11 முதல் 16 வரையிலான ஆறு நாட்களையும், 18 முதல் 23 வரையிலான ஆறு நாட்களையும் முழுக் கட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது தோழியின் 15-ஆம் தேதிப் பணி உங்களுக்கு வரும். அது மதியப் பணி என்றால் ஞாயிறு இரவு ஊர் திரும்பி வந்து பார்த்துவிடலாம். காலைப் பணி என்றால், திரும்பிவர முடியுமா என்று பயண நேரத்தைக் கணக்குப் போட்டு, முடியாவிட்டால் அந்த நாளுக்கும் இப்போதே விடுப்புக் கேட்டுவிடுங்கள். தேர்வு எழுதிய ஊரிலிருந்து தொலைபேசியில் விடுப்பை நீட்டிக் கேட்பது, அடுத்த முறை உங்கள் கடிதத்தின் மதிப்பைக் குறைக்கும்.

மாற்றிக்கொள்பவர் உங்கள் வேலையைப் பார்க்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்குப் பதிலாக, அதில் பழக்கமில்லாதவரின் பெயரை எழுதினால் இன்சார்ஜ் மறுப்பது நியாயமே.

கடிதத்தை வார்டு இன்சார்ஜ் வழியாக நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு எழுதுங்கள். பொருள் என்ற இடத்தில் "நுழைவுத் தேர்வு எழுத முறைப்பணி மாற்றமும் ஒரு நாள் தற்செயல் விடுப்பும் கோருதல்" என்று எழுதினால் போதும். உள்ளே இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, வரும் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை முதுநிலை செவிலியர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுத உள்ளேன். தேர்வு மையம் வெளியூரில் உள்ளது. பணிப்பட்டியலின்படி எனக்கு 11 முதல் 14 வரை இரவுப் பணி உள்ளதால், 13-ஆம் தேதி இரவுப் பணி தேர்வு நாள் காலை 8 மணிக்கே முடியும். ஆகவே 11 முதல் 16 வரையிலான என் பணியையும் ஓய்வு நாட்களையும், 18 முதல் 23 வரையிலான சக செவிலியரின் பணி மற்றும் ஓய்வு நாட்களுடன் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அவர் இதே வார்டில் பணிபுரிபவர். அவருடைய சம்மதக் கையெழுத்து கீழே உள்ளது. இம்மாற்றத்தின்படி எனக்கு வரும் 14-ஆம் தேதி காலைப் பணிக்கு மட்டும் ஒரு நாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹால் டிக்கெட் நகலை இணைத்துள்ளேன்."

இதற்கு மேல் குடும்பச் சூழ்நிலையையோ, எத்தனை ஆண்டுக் கனவு என்பதையோ எழுத வேண்டியதில்லை. அந்தக் கனவின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் அந்த நேரத்தில் தேடுவது எந்தக் கட்டத்தில் ஆள் குறைகிறது, அதற்கு யார் வருகிறார் என்பதைத்தான். தேர்ச்சி பெற்ற பிறகு வேண்டியிருக்கும் தடையின்மைச் சான்று, படிப்பு விடுப்பு ஆகியவற்றையும் இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். அவை மேலிடம் முடிவு செய்ய வேண்டியவை. அவற்றுக்காகக் கோப்பு நகரும்போது உங்கள் ஒரு நாள் விடுப்பும் அதோடு சேர்ந்து காத்திருக்கும்.

ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் விண்ணப்பத்தின் ஒப்புகை நகலை இணைத்து, "ஹால் டிக்கெட் கிடைத்தவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு தேர்வு வந்தால், ரோஸ்டர் போடுவதற்கு முன்பே தேதியை இன்சார்ஜிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பென்சிலால் கட்டம் நிரப்பும்போது ஒரு பெயரை நகர்த்துவது எளிது. ஒட்டிய பட்டியலில் நகர்த்தினால் இன்னொருவர் ஏற்கனவே போட்டுவைத்த திட்டம் கலையும்.

கடிதத்தின் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சரிம்மா, போய்ட்டு வா" என்று இன்சார்ஜ் வாயால் சொன்னதோடு நின்றுவிட வேண்டாம். அன்று இரவு அவர் விடுப்பில் இருந்தால், சூப்பர்வைசர் கையில் இருப்பது பட்டியல் மட்டுமே, அதில் 13-ஆம் தேதி நைட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஒப்புதல் கிடைத்த அன்றே வார்டுக்குப் போய், 11 முதல் 16 வரையிலும் 18 முதல் 23 வரையிலும் இருவர் பெயரும் அடித்துத் திருத்தப்பட்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் இன்சார்ஜின் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று தோழியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.