ஒரே சுற்றில் திருத்தம்: அழைப்பிதழ் புரூஃபில் எண் போட்டுக் குறிப்பது எப்படி

[திரையில்: மேசைமேல் ஒரு திருமண அழைப்பிதழின் புரூஃப். அருகே கைப்பேசி. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழுகின்றன.]

வணக்கம். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அழைப்பிதழ் வடிவமைக்கிறேன். எனக்கு வரும் திருத்தங்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: “தம்பி, மேலே இருக்கும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அப்படியே அந்தப் பெயரையும் சரி செய்துவிடுங்கள்.” மேலே மூன்று வரிகள் இருக்கின்றன. அட்டை முழுவதும் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. எந்த எழுத்து, எந்தப் பெயர் என்று நான் ஊகித்துத் திருத்துவேன். ஊகம் தவறினால், நீங்கள் சரிபார்க்க இன்னொரு புரூஃப் போகும்.

சென்ற ஆண்டு அழகியபாண்டியபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஐந்து புரூஃப் அனுப்பினேன். காலையில் அம்மா ஒன்று சொல்வார், அதைத் திருத்தி அனுப்புவேன். இரவில் பாட்டா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு இன்னொன்று சொல்வார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்றாவது வரும். இந்த ஆண்டு அதே வீட்டில் இளைய மகளுக்குத் திருமணம். மணமகளின் அக்கா வந்து, “அண்ணா, இந்த முறை ஒரே தடவையில் முடிக்க வேண்டும், வழி சொல்லுங்கள்” என்று கேட்டார். நான் சொன்னதையும் அவர் செய்ததையும் அப்படியே காட்டுகிறேன்.

[திரையில்: கைப்பேசியில் புரூஃப் படம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.]

முதல் வேலை, குறிப்பதை ஒருவர் கையில் ஒப்படைப்பது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சொல்லலாம். படத்தில் குறிப்பவர் ஒருவர்தான். அக்கா இரண்டு நாள் அவகாசம் வைத்து எல்லோரும் சொன்னதை நோட்டில் எழுதினார். அம்மா நடுவில் குத்துவிளக்குப் படம் பெரிதாக வேண்டும் என்றார், சித்தப்பா படமே வேண்டாம் என்றார். அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிந்து எனக்கு ஒரே முடிவாக வந்தது. இரண்டு கருத்தும் என்னிடம் வந்திருந்தால், கடைசியாக வந்ததைத்தான் நான் செய்திருப்பேன். அது சரியான முடிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது, கோப்பை வாங்கும் விதம். வாட்ஸ்அப்பில் படத்தைப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். தமிழுக்கு இது பெரிய தொல்லை. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப் போய், ‘ல்’ எது, ‘ல’ எது என்று தெரியாது. ஆகவே நான் அனுப்புவதும் நீங்கள் திருப்பி அனுப்புவதும் ‘Document’ என்ற வழியாகவே இருக்கட்டும். கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். நான் `azhaippu_v1.jpg` என்று அனுப்பினால், குறிப்பு எந்தப் புரூஃபுக்கு உரியது என்பதற்கு அந்த v1 தான் சாட்சி.

[திரையில்: படத்தின் ஓரத்தில் நீல வட்டத்துக்குள் 1 என்ற எண். அதிலிருந்து மெல்லிய கோடு ஒரு சொல்லைத் தொடுகிறது.]

இப்போது எண் போடுவோம். கைப்பேசியில் படத்தைத் திருத்தும் பகுதியைத் திறந்தால் பேனாவும் எழுத்தும் கிடைக்கும், அது போதும். எண்ணை வெற்று ஓரத்தில் வட்டமிட்டு எழுதி, அங்கிருந்து மெல்லிய கோடு ஒன்றைத் திருத்த வேண்டிய சொல் வரைக்கும் இழுங்கள். சொல்லின் மேலேயே கிறுக்கினால் அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போகும். அட்டையில் இல்லாத நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அழைப்பிதழ் அரக்கு நிறம். சிவப்பில் குறித்தால் கோடு அதில் கரைந்துவிடும் என்பதால் அக்கா நீலம் எடுத்தார்.

படத்தில் எண் மட்டும் இருக்கட்டும். விளக்கம் தனியாக, தட்டச்சு செய்த பட்டியலாக வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் இப்போது இருப்பதும் வர வேண்டியதும் இரண்டும் இருக்க வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றவும்’ என்று மட்டும் எழுதினால், கோடு சற்று விலகியிருந்தாலும் நான் வேறு சொல்லில் கை வைத்துவிடுவேன். இப்போது இருப்பதையும் எழுதினால், படமும் பட்டியலும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும்.

[திரையில்: அக்கா அனுப்பிய பட்டியல்.]

1. கொல்லம் ஆண்டு. இருப்பது: 1201. வர வேண்டியது: 1202.
2. கிழமை. இருப்பது: 25-10-2026 சனிக்கிழமை. வர வேண்டியது: 25-10-2026 ஞாயிற்றுக்கிழமை.
3. முதல் பக்கம், ஊர்ப் பெயர். இருப்பது: அழகியபாண்டிபுரம். வர வேண்டியது: அழகியபாண்டியபுரம்.
4. இரண்டாம் பக்கம், கீழ் முகவரி. 3-இல் உள்ள அதே மாற்றம்.
5. உறையின் பின்புறம். 3-இல் உள்ள அதே மாற்றம்.
6. மணமகள் பெயர். இருப்பது: மணமகன் பெயரைவிடச் சிறியது. வர வேண்டியது: மணமகன் பெயரின் அதே அளவு.
7. தாத்தா பெயருக்கு முன்னால். இருப்பது: ஒன்றும் இல்லை. வர வேண்டியது: தெய்வத்திரு.
8. கேள்வி: அரக்கு நிறம் அச்சில் இன்னும் இருண்டு வருமா?

முதல் எண்ணைப் பாருங்கள். இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது, அதனால் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு இன்றும் இங்கே அழைப்பிதழில் அச்சாகிறது. அந்த ஆண்டு ஆவணியில் மாறுகிறது. 2026 ஆவணி முதல் 1202. நான் ஆனியில் செய்த ஓர் அழைப்பிதழை அடிப்படையாக எடுத்திருந்தேன், 1201 அப்படியே நின்றுவிட்டது. பழைய அட்டையிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற இத்தகைய பிழை, புதிதாகத் தட்டச்சு செய்ததை மட்டும் படிப்பவர் கண்ணில் படாது. ஆண்டு, கிழமை, நேரம், மண்டபம், கைப்பேசி எண் ஆகியவற்றை மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிழமையை நாட்காட்டியில் பாருங்கள். கைப்பேசி எண்ணைப் புரூஃபிலிருந்து பார்த்தே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

மூன்று, நான்கு, ஐந்து எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் ஊர்ப் பெயரை ஒரே எண்ணில் அடக்காதது. ‘எல்லா இடத்திலும் மாற்றவும்’ என்று எழுதியிருந்தால் நான் முதல் பக்கத்தில் மாற்றி, இரண்டாம் பக்கத்திலும் மாற்றியிருப்பேன். உறை தனிக் கோப்பு. அதை மறந்திருப்பேன். ஓர் இடத்துக்கு ஓர் எண் இருந்தால், எட்டு எண்ணுக்கும் எட்டு வேலை முடிந்ததா என்று இருவருமே எண்ணிப் பார்க்கலாம்.

[திரையில்: மணமகள் பெயர் சிறிதாக, மணமகன் பெயர் பெரிதாக. பிறகு இரண்டும் ஒரே அளவில்.]

ஆறாவது எண், அளவு பற்றியது. ‘கொஞ்சம் பெரிதாக’ என்பதில் உங்கள் கொஞ்சமும் என் கொஞ்சமும் ஒன்றாக இருக்காது. அட்டையிலேயே உள்ள இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொன்னால் நான் அளவை அப்படியே எடுத்து வைப்பேன். நகர்த்துவதற்கும் இதுவே. ‘கொஞ்சம் மேலே’ என்பதைவிட ‘மண்டபப் பெயரின் வரிக்கு நேராக’ என்பது என்னைக் கேள்வி கேட்க விடாது.

ஏழாவதில் ஒரு சிக்கல் இருந்தது. ‘தெய்வத்திரு’ என்று சேர்த்தால் அந்த வரி நீண்டு பெயரின் கடைசிப் பகுதி அடுத்த வரிக்குப் போகும். அதனால் கீழே உள்ள எல்லாமே ஒரு வரி இறங்கும். பக்கத்தின் அடியில் இருக்கும் மண்டப முகவரி ஓரத்தை முட்டும். எழுத்தைச் சேர்க்கும்போது அதற்கான இடம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அக்காவை அழைத்து, விளக்குப் படத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அந்த ஓர் அழைப்பு மட்டும்தான் இந்தத் திருத்தத்தில் எனக்குத் தேவைப்பட்டது.

எட்டாவது எண் கேள்வி என்று தெளிவாக எழுதப்பட்டது, நல்ல வழக்கம். கேள்வியைக் கட்டளை போல எழுதினால் நான் நிறத்தையே மாற்றியிருப்பேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாளில் மை காட்டுகிறது. இருண்டு வருமா என்பதற்குப் படத்தில் விடை கிடையாது. அதே தாளில் ஒரு மாதிரி எடுத்து வைக்கிறேன், வந்து பாருங்கள் என்று பதில் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில அச்சகங்களில் இன்றும் பழைய தமிழ் எழுத்துருக்களே பயன்பாட்டில் உள்ளன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் இருக்கும், அதை அந்த எழுத்துருவில் நேரடியாக ஒட்ட முடியாது. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் வழியாகப் போகும், அல்லது நாங்களே மீண்டும் தட்டச்சு செய்வோம். ‘ஸ்ரீ’ இடையில் உடைந்து வருவதும், மறுதட்டச்சில் ‘ர’, ‘ற’ மாறுவதும் அங்கேதான் நடக்கின்றன. ஆகவே நீங்கள் சரியாக அனுப்பிய சொல்லையும் திரும்பி வந்த புரூஃபில் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

[திரையில்: v1, v2 இரண்டும் அருகருகே. எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக் குறியிடப்படுகின்றன.]

v2 அனுப்பும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பதில் எழுதினேன்: 1 முதல் 6 வரை முடிந்தது, 7 முடிந்தது, விளக்குப் படம் சிறிதாக்கப்பட்டது, 8-க்கு மாதிரி நாளை. அக்கா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து எண்களைப் பார்த்தார். பிறகு எண் போடாத இடங்களையும் பார்த்தார். ஏழாவது மாற்றம் வரிகளை நகர்த்தியதால், குறிக்காத வரியிலும் புதிய பிழை வரலாம். அன்று எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அதற்கு 9 என்று எண் கொடுத்திருக்க வேண்டும். மறுபடி 1 என்று தொடங்கினால் எந்த 1 என்று நானும் குழம்புவேன்.

மறுநாள் அச்சகத்துக்கு வந்து மாதிரித் தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் சரி என்றார். அதன் பிறகு இரண்டு வரி எழுதி அனுப்பினார்: “azhaippu_v2 கோப்பை அச்சிடலாம். உறையும் அதே v2.” அந்தச் செய்தி வந்த பிறகுதான் அச்சுக்குப் பிளேட் எடுக்கக் கொடுத்தேன்.